காற்றை அடைக்காமல் கொசுவை அடைப்பது: டெல்டா வீட்டுக்குக் கொசுவலை போடும் முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு மன்னார்குடிக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. கிழக்குப் பார்த்த ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம் வைத்த கூடம், பின்னால் கொல்லை, கொல்லையைத் தாண்டினால் வயல். மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததும் குறுவை நடவு தொடங்கும். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கூடத்தில் உட்கார முடியாத அளவுக்குக் கொசுவும் கூடவே வரும்.

சில வருடங்களுக்கு முன்னால் எல்லாச் சன்னலுக்கும் வலை போட்டேன். கடைக்காரர், "ஓட்டை எவ்வளவு பொடியோ அவ்வளவு நல்லது சார்" என்று சொல்லி, இருப்பதிலேயே நெருக்கமான நைலான் வலையை வெட்டிக் கொடுத்தார். வெல்க்ரோ ஒட்டி மாட்டினோம். கொசு குறைந்தது, கூடவே காற்றும் நின்றது. மூன்றாவது நாள் ராத்திரி அம்மா எழுந்து, கூடத்துச் சன்னல் வலையை ஒரு ஓரமாகப் பிய்த்துவிட்டுப் படுத்தார்கள். "கடிச்சாக்கூட தாங்கிக்கலாம் தம்பி, இந்தப் புழுக்கம் தாங்க முடியல" என்றார்கள்.

அம்மா சொன்னது நியாயம். நம் ஊரில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை தானாகக் காயாது. உடம்பைத் தொட்டுக் காற்று நகர்ந்தால்தான் காயும். அதனால் புழுங்கவைக்கும் வலையை எவ்வளவு நன்றாக மாட்டினாலும் வீட்டில் யாராவது ஒருவர் திறந்துவிடுவார்கள், கொசு அந்த வழியில் வரும். பிறகு ஒவ்வொன்றாக மாற்றிச் செய்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது: வலையின் கண் எவ்வளவு சிறியது என்பதைவிட, வலையை எந்த இடத்தில் எவ்வளவு பெரிதாகப் போடுகிறோம் என்பதுதான் காற்றைத் தீர்மானிக்கிறது. கொசுவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வலை அல்ல, வலையின் ஓரம்.

கடையில் வலையை எண்ணிப் பாருங்கள்

கடைக்குப் போகும்போது பள்ளிக்கூடத்து ஸ்கேல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். வலையை வெள்ளைத் தாள் மேல் விரித்து, ஸ்கேலின் அங்குலப் பக்கத்தை ஒரு இழையோடு ஒட்டி வைத்து, ஒரு அங்குலத்துக்குள் எத்தனை கண்கள் என்று எண்ணுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெளிவாக எண்ணலாம். நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை. 18க்கு 16, 16க்கு 16, 20க்கு 20 என்று வியாபாரிகள் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதாது, இழையின் தடிமனும் தெரியவேண்டும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 16 கண் உள்ள வலையில் ஒரு கண்ணும் ஒரு இழையும் சேர்ந்து 25.4ஐ 16ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 1.59 மில்லிமீட்டர். இழை 0.25 மில்லிமீட்டர் என்றால் கண்ணின் அகலம் 1.34. அந்த 1.34ஐ 1.59ஆல் வகுத்தால் 0.84. அதை அதாலேயே பெருக்கினால் 0.71. வலையின் பரப்பில் 71 சதவீதம் திறப்பு, மீதி 29 சதவீதம் இழை என்று அர்த்தம்.

நான் முதலில் வாங்கிய நைலான் வலையை இதே மாதிரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20க்கு 20 கண், இழை 0.35 மில்லிமீட்டர் தடிமன். திறப்பு 52 சதவீதம்தான் வந்தது. ஏறக்குறைய பாதிச் சன்னலை நானே அடைத்திருக்கிறேன்.

71 சதவீதம் திறப்பு இருந்தால் காற்றும் 71 சதவீதம் வந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு இழையும் பக்கத்தில் போகும் காற்றைப் பிடித்து இழுக்கும். ஆடிக்காற்று வீசும்போது அந்த இழுப்பு பெரிதாகத் தெரியாது. மெல்லிய காற்று வரும் மே மாதத்து ராத்திரியில்தான் நன்றாகத் தெரியும். நமக்குக் காற்று மிகவும் வேண்டிய நேரத்தில்தான் வலை அதிகமாகத் தடுக்கிறது. அதனால் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் மெல்லிய இழை உள்ள வலையைக் கேளுங்கள். கம்பி வலையாக இருந்தால் கேஜ் சொல்வார்கள். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 32 கேஜ் கம்பி சுமார் 0.27 மில்லிமீட்டர், 34 கேஜ் சுமார் 0.23.

கண் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்றால், 1.2 முதல் 1.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நம் வீட்டுக் கொசுக்கள் நிற்கும். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளர்ந்து ராத்திரி கடிக்கும் க்யூலெக்ஸும் சரி, குடத்திலும் தொட்டியிலும் வளர்ந்து பகலில் கடிக்கும் ஏடிஸும் சரி, இந்தக் கண்ணில் நுழையாது. 16க்கு 16 அல்லது 18க்கு 16 வாங்குங்கள். கடையில் பரவலாகக் கிடைக்கும் 18க்கு 16 பைபர் வலையில் இழை 0.28 மில்லிமீட்டர், திறப்பு சுமார் 66 சதவீதம் வரும். 14க்கு 14 வாங்கினால் கண் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், சின்னக் கொசு நுழைந்து வரும். 30 கண் வலை கொசுவுக்குத் தேவையே இல்லை. அது கொசுவைவிடப் பொடியான பூச்சிகளுக்கானது. அதற்குக் காற்றை விலையாகக் கொடுக்கவேண்டாம்.

காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது

அளவு எடுப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் இதற்கென்று ஒதுக்குங்கள். மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, சன்னல் கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்து, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு ஒவ்வொரு திறப்பிலும் சற்று நேரம் நில்லுங்கள். புகை உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா, நேராக மேலே போகிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கோடை மாலையில் கடல்காற்று கிழக்கே திண்ணை வழியாக வந்து, கூடத்தைக் கடந்து, கொல்லைக் கதவு வழியாகப் போனது. காற்றே இல்லாத நேரத்தில் முற்றத்துக்கு நடுவில் புகை நேராக மேலே ஏறியது. ஆடி மாதத்தில் இதே சோதனையைச் செய்தபோது எல்லாம் தலைகீழ். மேலைக்காற்று கொல்லை வழியாக வந்து திண்ணை வழியாகப் போனது. வாடை அடிக்கும் மார்கழியில் வடக்குப் பக்கத்துச் சின்னச் சன்னல்கூட வேலை செய்தது. ஆனால் அந்தக் குளிரில் காற்றைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை.

இந்தத் தாளில் புகை நேராக நின்ற சன்னல்களை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றுக்குச் சாதாரண வலை எது போட்டாலும் நட்டமில்லை. உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி இரண்டிலும்தான் கவனம் வேண்டும். பலர் காற்று வரும் சன்னலுக்கு நல்ல வலை போட்டுவிட்டு, வெளியே போகும் கொல்லைக் கதவைக் கொசுவுக்குப் பயந்து சாத்திவிடுகிறார்கள். போக வழியில்லாத காற்று உள்ளே வராது. அப்புறம் வலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வலையைச் சன்னலில் போடாமல் திண்ணையில் போடுங்கள்

எங்கள் திண்ணையின் முகப்பு 14 அடி அகலம். இடுப்பளவுக் குட்டைச் சுவருக்கு மேல் 5 அடி உயரம் திறப்பு. மொத்தம் 70 சதுர அடி. திண்ணைக்குப் பின்னால் வீட்டுக்குள் போகும் வழிகள் ஒரு வாசற்கதவும் இரண்டு சன்னல்களும். கதவு 3 அடிக்கு 6½ அடி, அதாவது 19½ சதுர அடி. சன்னல் ஒவ்வொன்றும் 3 அடிக்கு 4 அடி, இரண்டும் சேர்ந்து 24. ஆக 43½ சதுர அடி.

கதவுக்கும் சன்னல்களுக்கும் தனித்தனியாக 71 சதவீதத் திறப்புள்ள வலை போட்டால் மிஞ்சுவது சுமார் 31 சதுர அடி. அதே வலையைத் திண்ணை முகப்பில் போட்டால் சுமார் 50 சதுர அடி திறப்பு கிடைக்கிறது. பின்னால் இருக்கும் கதவு, சன்னல் அளவைவிட இது கூடுதல். காற்று பெரிய பரப்பில் பரவி மெதுவாக வலையைக் கடப்பதால் இழையின் இழுப்பும் குறைகிறது. திண்ணையைத் தாண்டிய பிறகு கதவிலும் சன்னலிலும் தடுப்பே இல்லை. கொசு நின்றது, காற்றும் முன்போலவே வந்தது. ராத்திரியில் அப்பா மறுபடியும் திண்ணையில் படுக்கத் தொடங்கினார்.

திண்ணை இல்லாத வீட்டுக்கும் இதே கணக்குதான். கும்பகோணத்தில் மாடி வீட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு நான் சொன்னது பெட்டி மாதிரி வெளியே நீட்டிய சட்டம். சன்னல் 4 அடிக்கு 4 அடி, 16 சதுர அடி. சன்ஷேடுக்கு அடியில் ஒரு அடி வெளியே நீட்டிப் பெட்டி கிரில் அடித்து, முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பக்கம் எல்லாவற்றிலும் வலை கட்டினால் 16, 4, 4, 4 என்று 28 சதுர அடி வலை கிடைக்கிறது. அதில் 71 சதவீதம் எடுத்தால் கிட்டத்தட்ட 20. சன்னலே 16தான். இதில் ஒரு தடை உண்டு. சன்னல் கதவு வெளியே திறக்கும் வகையாக இருந்தால் ஒரு அடிப் பெட்டிக்குள் அது விரியாது. உள்ளே திறக்கும் கதவுக்கும், நகர்த்தும் சன்னலுக்கும் மட்டுமே இது சரிப்படும்.

வெளியே திறக்கும் பழைய மரச் சன்னலுக்கு வலை உள்பக்கம்தான் வரும். அப்போது கையை நீட்டிக் கதவைச் சாத்த வழி வேண்டும். மழை வந்தால் ஓடிப்போய்ச் சாத்தவேண்டுமே. கீல் போட்ட சட்டம்தான் இதற்குச் சரி. வெல்க்ரோ வலையை நூறு தடவை பிரித்து ஒட்டினால் ஓரம் பிடிக்காது. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் பசையும் சுவரிலிருந்து கழன்று வந்துவிடும்.

முற்றம்

முற்றத்தை மூடாமல் மற்ற எல்லாவற்றையும் மூடுவது வீண்வேலை. எங்கள் முற்றம் 8 அடிக்கு 6 அடி. மேலே முன்னரே இரும்புக் கம்பி போட்டிருந்தது. அந்தக் கம்பிக்கு மேல் 4 அடிக்கு 3 அடியில் நான்கு சட்டங்களாகப் பிரித்து வலை போட்டோம். ஒரே சட்டமாகப் போட்டிருந்தால் தூக்கிச் சுத்தம் செய்ய முடிந்திருக்காது. நான்காக இருப்பதால் ஒருவர் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

இங்கே பைபர் வலை போடக்கூடாது. பூனை மேலே நடக்கும், தேங்காய் மட்டை விழும், வெயில் நேராகக் காயும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைதான் தாங்கும். சட்டத்தைச் சற்றுச் சாய்வாக வைத்தால் மாவிலை வழுக்கிக் கீழே போய்விடும். முருங்கை இலைதான் தொல்லை. மழையில் நனைந்து வலையோடு ஒட்டிக்கொண்டு, காய்ந்தால் பொட்டுப்பொட்டாகக் கண்ணை அடைத்துவிடும்.

முற்றத்துத் தண்ணீர் வெளியே போகும் தூம்பை யாரும் நினைப்பதில்லை. தெருச் சாக்கடையைப் பார்த்தபடி இருக்கும் அந்த ஓட்டை வழியாகக் கொசு நேராக உள்ளே வரும். தூம்பு வாயில் கழற்றி மாட்டும்படி ஒரு வலைத் துண்டு வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதைக் கழற்றிவிடவேண்டும். இல்லாவிட்டால் குப்பை அடைத்து முற்றமே குளமாகிவிடும்.

என்ன வலை, எந்த ஊருக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி மாதிரி உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில், குழந்தைகள் சாய்ந்து தள்ளாத மாடிச் சன்னலுக்குப் பி.வி.சி. பூசிய பைபர் வலை போதும். துருப்பிடிக்காது, வெட்டி மாட்டுவது எளிது. கறுப்பு அல்லது சாம்பல் நிறம் வாங்குங்கள். வெள்ளை வலையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும், வெளியே இருப்பது தெரியாது, அழுக்கும் பளிச்சென்று தெரியும்.

தரையோடு இருக்கும் கதவுக்கும் வயல் பக்கத்துச் சன்னலுக்கும் பைபரை நம்பவேண்டாம். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டைத் தேடி வரும். ஒரே ராத்திரியில் மூலையைக் கடித்து வழி போட்டுவிடும். அணிலும் அப்படித்தான். அங்கே ஸ்டீல் வலை. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்துச் சன்னலுக்கும் ஸ்டீல்தான், பிளாஸ்டிக் பூசிய வலையை நெருப்புக்கு அருகில் வைக்கக்கூடாது.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் வீடு என்றால் கதையே வேறு. உப்புக்காற்றில் அலுமினிய வலை வெள்ளைப் பொடி பூத்து நொறுங்கும். ஜி.ஐ. வலை துரு பிடித்துச் சுவரில் செம்மண் கோடு இறக்கும். 304 ரக ஸ்டீல்கூடக் கடலை ஒட்டிய வீட்டில் பழுப்புக் கறை பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்பைத் தாங்கும், ஆனால் விலை கூடுதல். கடலோரத்தில் 316 வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் பைபர் போட்டு, கிழியும்போது வலையை மட்டும் மாற்றிக்கொள்வது நல்ல வழி.

காந்தம் வைத்துப் பார்த்து ஸ்டீலின் தரத்தைச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். மலிவான 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது. நல்ல 304 ரகக் கம்பியும் மெல்லிசாக இழுக்கப்பட்டதால் லேசாக ஒட்டலாம். பில்லில் ரகத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்வதுதான் நமக்குள்ள பிடிமானம். வலை நல்லதாக வாங்கிவிட்டுச் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டால் முதலில் துரு பிடிப்பது ஸ்க்ரூதான். எங்கள் திண்ணையில் இரண்டாம் வருடமே அப்படி ஆகி, எல்லா ஸ்க்ரூவையும் மாற்றினேன்.

மடிப்பு மடிப்பாக இழுத்து மூடும் கதவு வலை பார்க்க அழகாக இருக்கிறது. அகலமான பால்கனிக் கதவுக்கு வசதிதான். ஆனால் அந்த மடிப்புகளில் தூசி தங்கும், கழுவுவது சிரமம், அடித்தடத்தில் மண் சேர்ந்தால் நகராது. வயல் தூசி வரும் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அளவும் ஓரமும்

பழைய வீட்டு நிலை எதுவும் நேர்கோணத்தில் இருக்காது. அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்கவேண்டும். உயரத்தையும் அப்படியே. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. எங்கள் கூடத்துச் சன்னலில் இரண்டு குறுக்களவுக்கும் அரை அங்குலம் வித்தியாசம் இருந்தது. அதைப் பார்க்காமல் சதுரமாகச் சட்டம் செய்துகொண்டு வந்தவர், ஒரு மூலை ஒட்டினால் எதிர்மூலை விலகுவதைப் பார்த்துவிட்டு சிலிக்கான் பூசி மறைத்துவிட்டுப் போனார். ஆறு மாதத்தில் சிலிக்கான் உரிந்தது. நிலை கோணலாக இருந்தால் சட்டத்தை நிலைக்குள் சொருகாமல், நிலையின் முகத்தின் மேல் படியும்படி சுற்றிலும் ஒரு அங்குலம் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள். நடுவில் பஞ்சுப் பட்டையோ ரப்பரோ ஒட்டினால் கோணல் உள்ளே மறைந்துவிடும்.

வலையைச் சட்டத்தின் பள்ளத்தில் ரப்பர் கயிறு வைத்து அழுத்துவதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் பக்கம் முழுவதும் அழுத்தியபின், எதிர்ப்பக்கத்தில் வலையைக் கையால் லேசாக நீவிவிட்டு அழுத்தவேண்டும். அவசரத்தில் இழுத்துப் பிடித்தால் சட்டத்தின் நடுப்பகுதி உள்ளே வளைந்து, நிலையோடு சேராமல் நாமம் மாதிரி இடைவெளி விழும். இழைகள் சட்டத்துக்கு இணையாக நேரே ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். கோணலாக இழுத்த வலையில் கண்கள் நீண்டு, சில இடங்களில் அகன்றுவிடும்.

நகர்த்தும் யூ.பி.வி.சி. சன்னல் வைத்த வீடுகளில், "வலை போட்டும் கொசு வருகிறது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வலைக் கதவையும் கண்ணாடிக் கதவையும் தனித்தனித் தடத்தில் வைத்திருப்பார்கள். கண்ணாடியைப் பாதி மட்டும் திறந்தால், கண்ணாடியின் ஓரச்சட்டம் வலையின் ஓரச்சட்டத்தோடு நேருக்கு நேர் நிற்காது. இரண்டுக்கும் நடுவே விரல் அகலச் சந்து மேலிருந்து கீழ்வரை திறந்தே இருக்கும். கண்ணாடியைக் கடைசிவரை தள்ளினால்தான் இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று வந்து, நடுவில் பிரஷ் மாதிரி முடி வைத்த முடிப்பட்டை சந்தை அடைக்கும். அதனால் ஒன்று முழுதாகத் திறங்கள், இல்லையென்றால் முழுதாக மூடுங்கள். தண்ணீர் வெளியேற அடிச்சட்டத்தில் விட்டிருக்கும் ஓட்டைகளுக்கும் சின்ன வலைத் துண்டு ஒட்டிவிடுங்கள்.

கதவு

வலைக்கதவு வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். சாயங்காலத்தில் கொசு வலையின் வெளிப்பக்கம் உட்கார்ந்து காத்திருக்கும். கதவு உள்ளே திறந்தால் அத்தனையும் ஆளோடு சேர்ந்து உள்ளே வரும். வெளியே தள்ளும்போது அவை விலகிப் பறக்கும். ஸ்பிரிங் கீல் போட்டுத் தானே சாத்திக்கொள்ளும்படி செய்யுங்கள். மாடு கறக்கப் பால்செம்போடும், விறகோடும் இரண்டு கையும் நிறைந்து போய்வரும் கொல்லைக் கதவை "சாத்திட்டு வா" என்று சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. கதவின் கீழ் ஒரு அடி உயரத்துக்குத் தகடோ பலகையோ அடித்துவிட்டால் காலால் தள்ளினாலும் வலை கிழியாது. கதவுக்கு அடியில் முடிப்பட்டை வையுங்கள். இரட்டைக் கதவாக இருந்தால் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஒரு பட்டை கட்டாயம்.

வீட்டைச் சுற்றி விட்டுப்போன ஓட்டைகள்

குளியலறை வென்டிலேட்டர், ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, ஏ.சி. குழாய் போகும் துளை. இவற்றைப் பார்த்த உடனே அடைத்துவிடலாம். ஓட்டுக்கு அடியில் உள்ள சந்தை மட்டும் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். கூரையில் தங்கும் சூட்டுக்காற்று அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அங்கே ஸ்டீல் வலையை நீளப் பட்டையாக வெட்டி, சுவர்மேல் ஆணியடித்துச் செருகினோம்.

செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் உச்சியில் வலை கட்டினாலே வீட்டைச் சுற்றிய க்யூலெக்ஸ் கணிசமாகக் குறையும். டேங்குக்குள் வளரும் கொசுக்கள் வெளிச்சத்தை நோக்கி அந்தக் குழாய் வழியாகத்தான் மேலே வருகின்றன. அதே 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் கண், பைபர் அல்லது ஸ்டீல். டேங்கில் எழும் வாயு இரும்பு வலையைச் சீக்கிரமே அரித்துவிடும். இன்னும் நெருக்கமான வலை கட்டினால் குழாயில் காற்றோட்டம் குறைந்து நாற்றம் கழிப்பறைக்குள் திரும்பும். டேங்கு மூடியின் விரிசலையும் அன்றைக்கே பூசிவிடுங்கள்.

ராத்திரிச் சோதனை

எல்லாம் மாட்டியபின் இருட்டியதும் வெளி விளக்குகளை அணைத்து, உள்ளே ஒவ்வொரு அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். வலை வழியே வரும் வெளிச்சம் மங்கலாகப் பரவியிருக்கும். சந்து இருக்கும் இடத்தில் மட்டும் கோடு கிழித்தாற்போலக் கூராகத் தெரியும். அந்த இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள்.

பிறகு பழைய ஏ.டி.எம். கார்டு இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை. ஒரு கார்டு மட்டும் நுழையும் சந்தை விட்டுவிடலாம். இரண்டும் சேர்ந்து நுழைந்தால் கொசுவும் நுழையும், அடைத்தே தீரவேண்டும். எங்கள் வீட்டில் முதல் ராத்திரி பதினொரு குறி விழுந்தது. அதில் ஒன்றுகூட வலையில் இல்லை, எல்லாம் ஓரத்தில். கொல்லைக் கதவின் கீல் பக்கத்தில் மட்டும் மூன்று.

முதல் இரண்டு மூன்று நாள் கொசு இருக்கத்தான் செய்யும். கட்டிலுக்கு அடியிலும், தொங்கும் துணிக்குப் பின்னாலும், பரணிலும் ஏற்கெனவே இருப்பவை வெளியே போக இப்போது வழியில்லை. பேட் எடுத்து அவற்றை அடித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் குறையாவிட்டால் ஒன்று கார்டு சோதனையில் விட்டுப்போன சந்து, இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் தேங்கும் இடம். எங்கள் அத்தை வீட்டில் அது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தட்டு.

ஊதுபத்திச் சோதனையை இப்போது மறுபடியும் செய்யுங்கள். பழைய தாளில் உள்ளே சாய்ந்த புகை இப்போது நேராக நின்றால் அந்தத் திறப்பில் வலையின் பரப்பு போதவில்லை. வலையை மாற்றுவதற்கு முன்னால், எதிரே காற்று வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவுதல்

ஆறு மாதம் தொடாத வலையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், அந்தக் கோட்டின் வழியே மட்டும் வெளிச்சம் வரும். இழையைச் சுற்றித் தூசி ஒட்டிக்கொண்டு 0.28 மில்லிமீட்டர் இழை தடித்துப்போகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய திறப்பு அப்படியே அடைபடுகிறது. டெல்டாவில் அறுவடை மெஷின் ஓடும் வாரங்களில் நெல் சுனை பறந்து வந்து பஞ்சு மாதிரி அப்பும். சமையலறை வலையில் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும்.

சட்டத்தைக் கழற்றிக் கொல்லையில் சாய்த்து வைத்து, முதலில் காய்ந்த பிரஷால் வெளிப்பக்கத்தைத் தட்டவேண்டும். நேரே தண்ணீர் ஊற்றினால் தூசி சேறாகிக் கண்ணில் உட்கார்ந்துவிடும். தட்டிய பிறகு சோப்புத் தண்ணீரில் மெத்தென்ற பிரஷால் நீவி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஊற்றி, நிழலில் காயவையுங்கள். கடலோர வீட்டில் ஸ்டீல் வலையை மாதம் ஒரு தடவை வெறும் நல்ல தண்ணீரிலாவது அலசவேண்டும், உப்பு படிந்தபடியே இருந்தால் 316 ரகத்திலும் கறை ஏறும்.

எங்கள் வீட்டில் வருடத்துக்கு மூன்று கழுவல். தாளடி அறுவடை முடிந்ததும் ஒன்று, சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒன்று, குறுவை அறுவடை முடிந்து மழைக்கு முன்னால் ஒன்று. முற்றத்து நான்கு சட்டங்களையும் அப்போதே இறக்கி, ஸ்க்ரூவில் துரு இருக்கிறதா, மூலையில் ரப்பர் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே ஏற்றுகிறோம்.